மல்டிகிரெயின், கோதுமை ரொட்டி: உறையின் பின்பக்கத்தில் உண்மையான மாவுக் கணக்கைப் பார்ப்பது எப்படி?

மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாசலிலேயே ஒரு ரொட்டிப் பாக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போவது நெடுநாள் வழக்கம். முன்பு வெள்ளை ரொட்டிதான் வாங்குவார்கள். இப்போது சர்க்கரை நோய் உள்ளவர் என்றால், கூடுதலாகப் பணம் கொடுத்து ‘மல்டிகிரெயின்’ அல்லது ‘கோதுமை பிரெட்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். சர்க்கரை நோயால் அங்கே சேர்க்கப்பட்டிருந்த என் அத்தைக்கு நானும் அப்படித்தான் ஒரு மல்டிகிரெயின் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். அதில் என்ன இருந்தது, சட்டம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதையே இங்கே விளக்குகிறேன்.

முதலில் ‘கோதுமை மாவு’ என்ற சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் கோதுமை மாவு என்றால், கோதுமையைக் கழுவிக் காயவைத்து மாவு மில்லில் கொடுத்து, தவிடோடு அரைத்து வாங்கும் மாவு என்றே எல்லோரும் புரிந்துகொள்கிறோம். ஆனால் தவிடும் முளையும் நீக்கப்பட்ட மைதாவும் கோதுமையிலிருந்தே வருகிறது. எனவே முழுவதும் மைதாவில் செய்த ரொட்டியும் ஒரு பொருளில் கோதுமை ரொட்டிதான். உறையில் பெரும்பாலும் ஆங்கிலமே இருக்கும் என்பதால், ‘ஹோல் வீட் ஃப்ளோர்’ அல்லது ‘ஆட்டா’ என்றிருந்தால் முழுக் கோதுமை மாவு என்றும், ‘ரிஃபைன்ட் வீட் ஃப்ளோர்’ என்றிருந்தால் மைதா என்றும் அறிந்துகொள்ள வேண்டும். முன்னொட்டு எதுவும் இல்லாமல் ‘வீட் ஃப்ளோர்’ என்று மட்டும் இருந்தால் அதை மைதாவாகக் கொள்வதே பாதுகாப்பு. ‘மல்டிகிரெயின்’ என்ற சொல்லும் பல தானியங்கள் இருக்கின்றன என்று மட்டுமே சொல்கிறது. அவை எவ்வளவு என்றோ, தவிடோடு இருக்கின்றன என்றோ சொல்வதில்லை. பழுப்பு நிறமும் சான்றாகாது. சேர்மானப் பட்டியலில் 150 என்று தொடங்கும் எண்ணில் ஒரு நிறமூட்டி இருந்தால் அது கேரமல். மைதா ரொட்டியையும் அது பழுப்பாக்கிவிடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் ஒழுங்குமுறை விதிகள் இரண்டு பிடிகளை நம் கையில் கொடுக்கின்றன. சேர்மானங்களை, தயாரிக்கும்போது சேர்த்த எடையின்படி, அதிகமானதிலிருந்து குறைவானதை நோக்கி இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பது ஒன்று. உறையில் சொல்லாலோ படத்தாலோ ஒரு சேர்மானத்தை எடுத்துக்காட்டியிருந்தால், அது எத்தனை சதவீதம் என்று அறிவிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முன்பக்கத்தில் ஓட்ஸ் கதிரையும் கேழ்வரகையும் படமாகப் போட்டுவிட்டு, பின்பக்கத்தில் அவற்றின் சதவீதத்தைச் சொல்லாமல் விடுவது இந்த விதிக்குப் பொருந்தாது.

நான் வாங்கிய 400 கிராம் பாக்கெட்டில் வரிசை இப்படி இருந்தது: மைதா 52 சதவீதம், தண்ணீர், முழுக் கோதுமை மாவு 6 சதவீதம், சர்க்கரை, ஈஸ்ட், எண்ணெய், உப்பு, ஓட்ஸ், கேழ்வரகு, ஆளி விதை, பிறகு பதப்படுத்தியும் நிறமூட்டியும். ஓட்ஸுக்கும் கேழ்வரகுக்கும் சதவீதம் போடப்படவில்லை.

இந்தச் சதவீதங்களைப் படிக்கும்போது பலர் ஒரு தவறு செய்கிறார்கள். முழுக் கோதுமை மாவு 56 சதவீதம் என்று ஓர் உறையில் கண்டால், மீதி 44 சதவீதமும் மைதா என்று எண்ணிவிடுகிறார்கள். ரொட்டி மாவைப் பிசையும்போது 100 கிராம் மாவுக்கு ஏறத்தாழ 60 கிராம் தண்ணீர் சேர்கிறது. அதோடு சர்க்கரை, எண்ணெய், ஈஸ்ட், உப்பு எல்லாம் சேர்ந்தால், மொத்தக் கலவையில் மாவின் பங்கு பாதியைச் சற்றுத் தாண்டியே நிற்கும். ஆகவே வேறு மாவே இல்லாத பட்டியலில் 56 என்றிருந்தால் அது முழுமையான ஆட்டா ரொட்டிதான். சதவீதத்தை நூறோடு ஒப்பிடாமல், மாவுகளை மட்டும் கூட்டி அதோடு ஒப்பிட வேண்டும். என் பாக்கெட்டில் 52ம் 6ம் சேர்ந்து 58. அதில் 6 என்பது பத்தில் ஒரு பங்கு. அதாவது பத்துப் பிடி மாவில் ஒன்பது பிடி மைதா. ஆணையம் சிறப்பு ரொட்டிகளுக்கென வெளியிட்ட வரைவுத் தரங்களில் முழுக் கோதுமை ரொட்டிக்கு 75 சதவீதமாவது முழுக் கோதுமை மாவும், மல்டிகிரெயின் ரொட்டிக்குக் கோதுமையல்லாத தானியங்கள் 20 சதவீதமாவதும் இருக்க வேண்டும் என்று கூறப்பட்டிருந்தது. அளவுகோலாக இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சதவீதம் தராத ஓட்ஸையும் கேழ்வரகையும் அளக்க உப்பு உதவுகிறது. ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியத்தின் அளவைக் கட்டாயம் தர வேண்டும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். என் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 440 மில்லிகிராம் சோடியம், பெருக்கினால் 1.1 கிராம் உப்பு. சோடியத்தில் ஒரு பகுதி வேறு சேர்மானங்களிலிருந்தும் வரலாம் என்பதால் உண்மையான உப்பு இதைவிடக் குறைவாக இருக்குமே தவிரக் கூடாது. பட்டியல் இறங்கு வரிசையில் இருப்பதால், உப்புக்குப் பின்னே வரும் ஓட்ஸ் 1.1 கிராமைத் தாண்ட முடியாது. கேழ்வரகு ஓட்ஸைத் தாண்ட முடியாது. அத்தை நாளுக்கு நான்கு துண்டு, அதாவது ஏறத்தாழ 100 கிராம் சாப்பிட்டார். அதில் அவருக்குக் கிடைத்த கேழ்வரகு, அதிகம் போனால் ஒரு கிராமை ஒட்டி. ஒரு கரண்டி கேழ்வரகுக் கூழில் இதைவிட அதிகம் இருந்திருக்கும் என்று நினைக்கும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது.

நார்ச்சத்தின் அளவும் துணைக்கு வரும். ஆட்டாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 11 கிராம், மைதாவில் 3 கிராமுக்குள். ஆனால் மைதாவோடு தவிட்டைத் தனியாகச் சேர்த்தும் இந்த எண்ணை உயர்த்த முடியும் என்பதால், பட்டியலைப் படிக்காமல் நார்ச்சத்தை மட்டும் நம்பக்கூடாது.

படமாகக் காட்டிய தானியத்துக்குச் சதவீதம் இல்லை என்றால் புகார் செய்யலாம். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. உறையின் முன்பக்கம், சேர்மானப் பட்டியல், தொகுதி எண்ணும் தேதியும் உள்ள பகுதி, 14 இலக்க உரிம எண், வாங்கிய ரசீது ஆகியவற்றைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்ப வேண்டும். காலியான உறையையும் எறியாமல் வைத்திருக்க வேண்டும். லேபிள் தவறாக உள்ள உணவுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

அதே சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கும் உரிமையைத் தருகிறது. வாங்கும்போதே பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். உணவு விதிக்கு மாறாக இருப்பதாக அறிக்கை வந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் மதுரையிலேயே இருக்கிறது. ஆயினும் வெந்த ரொட்டியில் ஆட்டாவையும் மைதாவையும் இத்தனைக்கு இத்தனை என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்வது கடினம். சதவீதம் அச்சிடப்படவில்லை என்ற புகாருக்கோ உறையே சான்று. அதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை.