மூண்டு செமஸ்டர் ஜிபிஏவையும் கூட்டி மூண்டால பிரிச்சா சிஜிபிஏ வராது

களுவாஞ்சிகுடில இருக்கிற என்ட மாமாட மகள் போன கிழமை போன் எடுத்து, "அண்ணா எனக்கு சிஜிபிஏ 3.02, கிளாஸ் லைனுக்கு மேல வந்துட்டன்" எண்டு சொன்னா. கேக்க சந்தோசமாத்தான் இருந்துச்சு, ஆனா எப்பிடிப் பாத்த எண்டு கேட்டா, மூண்டு செமஸ்டர் ஜிபிஏவையும் கூட்டி மூண்டால பிரிச்சன் எண்டா. ரிசல்ட் ஷீட்ட அனுப்பச் சொல்லி, கொப்பி ஒண்ட எடுத்து வச்சி ஆரம்பத்தில இருந்து போட்டுப் பாத்தா 3.00 ஐத் தொடல்ல. அவ பிழையா நினைச்ச மாதிரித்தான் இங்க கன பேர் நினைக்கிறாங்க, வந்தாறுமூலைல படிக்கிற புள்ளயளும் சரி ஒலுவில்ல படிக்கிற புள்ளயளும் சரி, அதனால அந்தக் கணக்க அப்பிடியே இங்க போடுறன்.

ஜிபிஏ எண்டா ஒரு செமஸ்டர்ல எடுத்த கிரேட் புள்ளிகள்ட சராசரி, சிஜிபிஏ எண்டா இதுவரை முடிச்ச எல்லா செமஸ்டரையும் சேத்து வாற சராசரி. முதல் கிரெடிட் எண்டா என்ன எண்டு பாப்பம். நம்மட இலங்கைத் தகைமைச் சட்டகத்தில ஒரு கிரெடிட் எண்டுறது 50 மணித்தியாலப் படிப்பு. லெக்சர்ல இருக்கிற நேரம் மட்டும் இல்ல, நீங்க வீட்டில இருந்து படிக்கிறது, அசைன்மென்ட் செய்யிறது, எக்ஸாம் எழுதுறது எல்லாம் அதுக்குள்ள வரும். அப்ப 3 கிரெடிட் பாடம் எண்டா 150 மணித்தியால வேலை, 1 கிரெடிட் பாடம் எண்டா 50 தான். ரெண்டையும் ஒரே நிறையில வச்சிப் பாக்கிறது நியாயம் இல்லத்தானே, ஜிபிஏ கணக்கு முழுக்க இந்த ஒரு விசயத்திலதான் நிக்குது.

அடுத்தது கிரேட் புள்ளி. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சொன்ன அளவில A+ க்கும் A க்கும் 4.00, A- க்கு 3.70, B+ க்கு 3.30, B க்கு 3.00, B- க்கு 2.70, C+ க்கு 2.30, C க்கு 2.00, C- க்கு 1.70, D+ க்கு 1.30, D க்கு 1.00, E க்கு பூச்சியம். A+ எடுத்தா 4.00 க்கு மேல போகும் எண்டு நினைக்கிறவங்க இருக்காங்க, போகாது. கிளாஸ் எண்டா பொதுவா ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு 3.70, செகண்ட் அப்பருக்கு 3.30, செகண்ட் லோவருக்கு 3.00. மாமாட மகள் பாத்துக்கொண்டிருந்தது அந்த 3.00 லைனத்தான்.

இப்ப அவட முதலாம் செமஸ்டர். அஞ்சு பாடம். 3 கிரெடிட் பாடம் மூண்டில C+, B, B+ வந்திருக்கு, 2 கிரெடிட் பாடம் ஒண்டில A-, 1 கிரெடிட் பாடம் ஒண்டில A. ஒவ்வொரு பாடத்தின்ட கிரெடிட்டையும் அந்தக் கிரேட் புள்ளியால பெருக்க வேணும், பெருக்கி வந்தத எல்லாம் கூட்ட வேணும், பிறகு மொத்தக் கிரெடிட்டால பிரிக்க வேணும்.

```
3 x 2.30 =  6.90
3 x 3.00 =  9.00
3 x 3.30 =  9.90
2 x 3.70 =  7.40
1 x 4.00 =  4.00
12         37.20
37.20 / 12 = 3.10
```

கிரெடிட்டப் பாக்காம அஞ்சு கிரேட் புள்ளியையும் கூட்டி அஞ்சால பிரிச்சிருந்தா 3.26 வந்திருக்கும். ஏன் இவ்வளவு வித்தியாசம் எண்டா, அவ A எடுத்தது 1 கிரெடிட் பாடத்தில, C+ எடுத்தது 3 கிரெடிட் பாடத்தில. அந்த C+ மூண்டு தரம் கீழ இழுக்குது, A ஒரு தரம்தான் மேல தூக்குது.

இந்தப் பாடங்களோட ஆங்கிலப் பாடம் ஒண்டும் ஷீட்ல இருந்துச்சு, அதுக்கும் கிரெடிட் போட்டிருந்துச்சு, ஆனா அது ஜிபிஏக்குச் சேராத பாடம். அப்பிடிப் பாடத்த மேலயும் சேர்க்கக் கூடாது, கீழயும் சேர்க்கக் கூடாது. சில பேர் மேல விட்டுட்டு கீழ மொத்தக் கிரெடிட்ல மட்டும் சேர்த்துப் போடுறாங்க, அப்ப ஜிபிஏ காரணமே இல்லாமக் குறைஞ்சி நிக்கும். எந்தப் பாடம் சேரும் எது சேராது எண்டுறது உங்கட பீடத்து ஹேண்ட்புக்ல பாடப் பட்டியல்லயே இருக்கும்.

எக்செல்ல போடுறதெண்டா கிரெடிட்ட B வரிசையிலயும் கிரேட் புள்ளிய C வரிசையிலயும் போட்டு இத அடிச்சாப் போதும்:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(B2:B6)
```

ரெண்டாம் செமஸ்டர்தான் அவவுக்குக் கஸ்டமா இருந்தது. ஆறு பாடம், எல்லாம் 3 கிரெடிட், மொத்தம் 18. B ரெண்டு, B- ரெண்டு, C+ ரெண்டு. பெருக்கிக் கூட்டினா 9.00, 9.00, 8.10, 8.10, 6.90, 6.90, எல்லாம் சேர்ந்து 48.00. 18ஆல பிரிச்சா 2.666 எண்டு போகும், ஷீட்ல 2.67 எண்டு நிக்கும். மூண்டாம் செமஸ்டர்ல பாடம் குறைவு, 10 கிரெடிட்தான், 3 கிரெடிட்ல ஒரு A- ஒரு B+, 2 கிரெடிட்ல ரெண்டு B. அது 11.10, 9.90, 6.00, 6.00, மொத்தம் 33.00, அப்ப ஜிபிஏ 3.30.

இப்ப அவ செய்தது என்னெண்டா 3.10, 2.67, 3.30 மூண்டையும் கூட்டி 9.07, மூண்டால பிரிச்சி 3.02. சரியான வழி, ஜிபிஏவத் தொடாம, புள்ளிகளையும் கிரெடிட்டையும் திரும்ப எடுத்துக் கூட்டுறது.

```
37.20 + 48.00 + 33.00 = 118.20
12 + 18 + 10          = 40
118.20 / 40           = 2.955
```

அதாவது 2.955, ரெண்டு தசமத்துக்கு எப்பிடி எழுதினாலும் 3.00 இல்ல. 10 கிரெடிட் செமஸ்டர்ல எடுத்த நல்ல ஜிபிஏக்கும் 18 கிரெடிட் செமஸ்டர்ல வந்த குறைஞ்ச ஜிபிஏக்கும் ஒரே நிறை குடுத்ததாலதான் 3.02 வந்தது. எல்லா செமஸ்டரும் ஒரே அளவு கிரெடிட்டா இருந்தா மட்டும் அவ செய்தது சரியா வரும், நம்மட கம்பஸ்கள்ல அப்பிடி அமையிறது குறைவு.

போட்டது சரியா பிழையா எண்டு பாக்க நான் செய்யிற ஒரு வேலை இருக்கு. சிஜிபிஏ எப்பவும் ஆகக் குறைஞ்ச செமஸ்டர் ஜிபிஏக்கும் ஆகக் கூடினதுக்கும் நடுவில நிக்க வேணும், அதோட கிரெடிட் கூடின செமஸ்டர் பக்கம் சாஞ்சி நிக்க வேணும். இவட ஷீட்ல ஆகப் பெரிய செமஸ்டர் 2.67, அப்ப விடை சும்மா சராசரியான 3.02 ஐ விடக் கீழதான் வர வேணும். மேல வந்திருந்தா எங்கயோ கூட்டுறதில பிழை எண்டு உடனே பிடிக்கலாம்.

ஷீட்ல இருக்கிற 2.67 ஐத் திரும்ப 18ஆல பெருக்கி புள்ளி எடுக்கப் பாக்கிறவங்களும் இருக்காங்க, அப்ப 48.06 வரும், உண்மையான புள்ளி 48.00. சின்ன வித்தியாசம்தான், ஆனா லைனுக்குக் கிட்ட நிக்கிற ஆளுக்கு அது ஏமாத்திப் போடும், அதனால தசமத்தக் கடைசில ஒருக்கா மட்டும் வெட்டுங்க.

ரிப்பீட் பத்தி கன பேர் கேக்கிறாங்க, அதையும் சொல்லிட்டுப் போறன். 40 கிரெடிட் முடிச்ச ஒரு தம்பிக்கு 3 கிரெடிட் பாடம் ஒண்டில D எண்டு வையுங்க, அதில அவனுக்கு 3.00 புள்ளி இருக்கு. அவன் ரிப்பீட் எழுதி எவ்வளவு நல்லாச் செய்தாலும் பொதுவா C க்கு மேல போட மாட்டாங்க, அப்ப அந்தப் பாடத்துக்கு 6.00 புள்ளி. பழைய D ஐ எடுத்துட்டு அந்த இடத்தில C ஐ வைக்க வேணும், கிரெடிட் அதே 40 தான், மொத்தப் புள்ளி 3.00 கூடும், சிஜிபிஏ 0.075 கூடும். புதுப் பாடம் மாதிரி கீழ இன்னொரு வரி போட்டு கிரெடிட்ட 43 ஆக்கினா கணக்கு முழுக்கப் பிழைக்கும். E வந்த பாடமும் அப்பிடித்தான், புள்ளி பூச்சியம் எண்டாலும் ரிப்பீட் எழுதும் வரைக்கும் அதின்ட கிரெடிட் கீழ நிண்டு இழுத்துக்கொண்டே இருக்கும், அத விட்டுட்டு ஜிபிஏ போட்டுப் பாத்து நிம்மதியாகாதீங்க. சுகமில்லாம எக்ஸாம் எழுதாம விட்டு மெடிக்கல் குடுத்து அத ஏத்துக்கொண்டா கதை வேற, பிறகு எழுதுறத முதல் தரமா எடுப்பாங்க, C எண்ட மட்டு அங்க இல்ல.

இன்னொண்டு, சில பீடங்கள்ல முதல் வருசப் புள்ளிய கடைசி ஜிபிஏக்கு எடுக்கிறதில்ல, சில இடத்தில வருசத்துக்கு வருசம் வேற நிறை. கிளாஸுக்கும் ஜிபிஏவோட சேத்து, குறிச்ச காலத்துக்குள்ள முடிக்கிறது மாதிரி வேற நிபந்தனையும் இருக்கும். உங்கட ஹேண்ட்புக்ல அந்தப் பக்கத்தப் பாத்துட்டுத்தான் கணக்கத் தொடங்க வேணும்.

மாமாட மகளுக்குச் சொன்னது இதுதான். நாலாம் செமஸ்டர்ல அவவுக்கு 20 கிரெடிட் வருது. பழைய கணக்குப்படி அவ நினைச்சிருந்தது, அடுத்த செமஸ்டர்ல 2.93 எடுத்தாலே 3.00 ல நிக்கலாம் எண்டு. சரியாப் போட்டா, மொத்தம் 60 கிரெடிட்டுக்கு 3.00 வர 180 புள்ளி வேணும், கையில இருக்கிறது 118.20, மிச்சம் 61.80. அத 20ஆல பிரிச்சா 3.09. 2.93 எடுத்துட்டு இருந்தா லைனுக்குக் கீழதான் நிண்டிருப்பா.

3.09 எண்டா என்ன கிரேட் எண்டு கேட்டா, இருந்து போட்டுப் பாத்தம். 3 கிரெடிட் பாடம் ஆறு, 2 கிரெடிட் பாடம் ஒண்டு. 3 கிரெடிட்ல மூண்டில B+, மூண்டில B எடுத்தா 29.70 உம் 27.00 உம், சேர்ந்து 56.70. 2 கிரெடிட் பாடத்தில B- எடுத்தா 5.40, மொத்தம் 62.10, தேவைக்கு மேல 0.30 மட்டும்தான் மிச்சம். அந்த 2 கிரெடிட் பாடம் C+ ஆப் போனா 61.30, அப்ப 3.00 ஐத் தொட மாட்டா, அதனால சின்னப் பாடம் எண்டு அத விட்டுடாத எண்டு சொல்லி போன வச்சன்.