‘1956 முதல்’ என்று எழுதும் முன் பதிவெண்ணைப் பாருங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது நகைக்கடை. பினாங்கு லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள கடைகளுக்கு இணையதளம் எழுதிக் கொடுப்பது என் வேலை. மூவரும் ஒரே குறையோடுதான் வந்தார்கள். "தம்பி, பழைய வாடிக்கையாளர் வர்றாங்க. வெப்சைட் பார்த்து வர்ற புதுசுங்க மட்டும் கேட்டுட்டுப் போயிடறாங்க."

‘எங்களைப் பற்றி’ பக்கத்தைத் திறந்தேன். மூன்று தலைமுறை, பாரம்பரியம், நம்பிக்கை, தரம், கைராசி. மூன்று கடைகளிலும் இதே சொற்கள்.

கடைசியாக வந்தவரின் கதையைச் சொல்கிறேன். சுங்கைப் பட்டாணியில் இருந்து ஒரு பெண் தாலிக்கொடிக்கு விசாரித்திருக்கிறார். ஐந்து பவுன், வாட்ஸ்அப்பிலேயே எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. முன்பணம் அனுப்பும் முன் ஒரு கேள்வி கேட்டார்: "1956 முதல்னு போட்டிருக்கீங்க. கீழே எஸ்எஸ்எம் நம்பர் 2004-னு ஆரம்பிக்குதே?" கடைப்பையன் பதில் சொன்னான்: "நாங்க ரொம்பப் பழைய கடைக்கா, யாரை வேணா கேளுங்க." அதோடு அந்தப் பெண்ணிடமிருந்து பேச்சில்லை.

அவர் செய்தது சரியான சோதனை. மலேசிய நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம் தரும் பதிவெண் 2019 அக்டோபரில் இருந்து 12 இலக்கமாகிவிட்டது. முதல் நான்கு இலக்கம் பதிவான ஆண்டு, அடுத்த இரண்டு எந்த வகை அமைப்பு என்பது. 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் தனியாள் அல்லது கூட்டு வணிகம். பழைய நிறுவனங்களுக்கும் அவை பதிவான ஆண்டை முன்னால் வைத்தே புது எண் கொடுத்தார்கள். இந்தக் கடையின் எண் 200401 என்று தொடங்குகிறது. 2004-இல் பதிவான உள்நாட்டு நிறுவனம் என்பது அதற்குப் பொருள். வாடிக்கையாளர் கண்ணுக்கு 48 ஆண்டு இடைவெளி தெரிகிறது, பக்கம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைக்காரர்களிடம் நான் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயம் இது. ஆண்டு பழையதாக இருந்தால் நம்பிக்கை தானாக வரும் என்று நினைக்கிறீர்கள். அப்படி வராது. பழைய ஆண்டை யார் வேண்டுமானாலும் எழுதலாம். போலிப் பக்கம் வைத்துப் பணம் பறிப்பவனும் ‘மூன்று தலைமுறை’ என்றுதான் எழுதுகிறான், உங்கள் கடைப் படத்தையே எடுத்துப் போட்டுக்கொண்டு எழுதுகிறான். புதிதாக வருபவர் உங்கள் வயதைத் தேடவில்லை. நீங்கள் சொல்லும் ஒன்றை வெளியே போய்ப் பார்த்தால் அதே பதில் கிடைக்கிறதா என்றுதான் பார்க்கிறார். கிடைத்தால் மற்றதையும் நம்புவார், கிடைக்காவிட்டால் உண்மையான 1956-கூடப் பொய்யாகிவிடும்.

உட்கார்ந்து கேட்டேன். "அண்ணே, 1956 எங்கேருந்து வந்துச்சு?" அப்பா சொன்னது என்றார். கையில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது பீரோவில் இருந்து தாத்தாவின் கணக்குப் புத்தகம் வந்தது. முதல் பக்கத்தில் தேதி 1961. அப்புறம் மற்றதும் வெளியே வந்தது. தாத்தா வேறொருவர் கடையில் பட்டறை ஆசாரியாக இருந்தவர். பிறகு ஒரு பங்காளியோடு சேர்ந்து சொந்தக் கடை. பழைய கட்டடங்களின் வாடகையை ஏறவிடாமல் வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் ஜார்ஜ் டவுனில் பலரைப் போல இவர்களும் பழைய இடத்தை விட்டார்கள். 2004-இல் மகன்கள் நிறுவனமாகப் பதிந்தார்கள். பக்கத்தில் ‘அன்று முதல் இன்றுவரை அதே இடத்தில்’ என்று வேறு எழுதியிருந்தது!

நாங்கள் எழுதியது இது:

"எங்கள் தாத்தா பட்டறை ஆசாரி. 1950களிலேயே தொழிலில் இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். எங்களிடம் இருக்கும் மிகப் பழைய கணக்குப் புத்தகம் 1961-ஆம் ஆண்டுடையது. வாடகைச் சட்டம் முடிந்த பிறகு 2001-இல் இப்போதைய கடைக்கு வந்தோம். 2004-இல் நிறுவனமாகப் பதிந்தோம், அதனால்தான் எங்கள் எஸ்எஸ்எம் எண் 2004 என்று தொடங்குகிறது."

ஐந்தே வரி. பெரியவருக்கு முதலில் மனம் வரவில்லை, ஐந்து வருஷம் குறைகிறதே என்று வருந்தினார். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டதும் சமாதானமானார். வாடிக்கையாளர் பெயர் இருந்த வரிகளை மறைத்துவிட்டோம். இதை எல்லாரும் செய்யுங்கள், அவை இன்னொரு குடும்பத்தின் நகைக் கணக்கு.

அடுத்தது பெயர். இங்கேதான் முன்பணம் நின்றுபோகிறது. டூயிட்நா வங்கிப் பரிமாற்றத்தில் பணம் அனுப்பினால், உறுதி செய்யும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும். பலகையில் ஒரு பெயர், எஸ்எஸ்எம்மில் வேறு பெயர், திரையில் தம்பி மகனுடைய சொந்தப் பெயர் என்றால் யார் அழுத்துவார்கள்? இந்தக் கடையில் அப்படித்தான் இருந்தது. தயவுசெய்து சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். நிறுவனக் கணக்கைப் பயன்படுத்திவிட்டு, பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள்: கடைப் பெயர் இது, பதிவான நிறுவனப் பெயர் இது, பணம் அனுப்பும்போது திரையில் இந்தப் பெயர்தான் வரும், வேறு பெயர் வந்தால் அனுப்பாமல் கடைக்கு அழையுங்கள். காவல்துறையின் semakmule.rmp.gov.my தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்க்கும்படி நீங்களே சொல்லிவிடலாம். ஒன்று மட்டும்: அங்கே புகார் இல்லை என்று வந்தால் அதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். அதை நற்சான்றாக விளம்பரம் செய்யாதீர்கள்.

சென்னைக் கடைகளின் பக்கத்தைப் பார்த்து எழுதுவதையும் நிறுத்துங்கள். இன்னொரு கடையில் ‘எங்கள் நகைகள் அனைத்தும் பிஐஎஸ் ஹால்மார்க்’ என்று இருந்தது. பிஐஎஸ் இந்திய அரசின் தர அமைப்பு. பினாங்கு பட்டறையில் செய்த வளையலில் அந்த முத்திரை இருக்காது. வளையலை வாங்கிப் புரட்டிப் பார்ப்பவருக்குக் கிடைப்பது 916 முத்திரை, அதாவது ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், 22 காரட். அதையே எழுதுங்கள். இந்தியாவில் இருந்து இறக்கிய நகைக்கு முத்திரை இருந்தால், அந்த நகையின் விவரத்தில் சொன்னால் போதும்.

‘நியாயமான விலை’ என்ற வரியை எடுத்துவிட்டுத் திரும்ப வாங்கும் முறையை எழுதுங்கள். அன்றைய விலையில் எத்தனை விழுக்காடு கழிப்பீர்கள், கல் எடையை எப்படிக் கழிப்பீர்கள், கூலி திரும்பக் கிடைக்குமா, ரசீது இல்லாவிட்டால் என்ன. கூலி கிடைக்காது என்றால் கிடைக்காது என்றே எழுதுங்கள். வாங்கிய பிறகு தெரிந்துகொண்டு கோபப்படுபவரைவிட, முன்பே படித்துவிட்டு வருபவர் மேல்.

படம் பகலில், வாசலில் நின்று எடுங்கள். பலகையும் கடை எண்ணும் பக்கத்துக் கடையும் ஒரே படத்தில் தெரியட்டும். பெட்டக அறை, பின்கதவு, கேமரா இருக்கும் இடம், பிள்ளைகளின் பள்ளிச் சீருடை எதுவும் படத்தில் வரக்கூடாது. குடும்பக் கடை என்று காட்ட வீட்டு வாசலில் எடுத்த தீபாவளிப் படத்தைப் போட்டிருந்தார் ஒருவர், வீட்டு எண் பளிச்சென்று தெரிந்தது. தங்கம் விற்கும் குடும்பம் வீட்டு முகவரியை ஊருக்குக் காட்டலாமா? அன்றே அந்தப் படத்தை நீக்க வைத்தேன்.

சுங்கைப் பட்டாணிப் பெண்ணுக்குப் புதுப் பக்கத்தின் இணைப்பை அனுப்பச் சொன்னேன், கூடவே ஒரு வரி: "நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, மன்னிக்கவும்." அவர் அதற்குள் வேறு கடையில் வாங்கிவிட்டார். தங்கையின் வளைகாப்புக்கு வளையல் பார்க்க வருவதாகப் பதில் போட்டிருக்கிறார்.