நீரிழப்பு வேண்டாம், நீர்நீக்கம் என்று எழுதுங்கள்

விடைத்தாள் திருத்தும்போது இந்த வரி மறுபடியும் கண்ணில் பட்டது: "ஆல்டால் குறுக்கத்தில் நீரிழப்பு ஏற்படுகிறது. சூடாக்கும்போது நீர் ஆவியாகிவிடுவதால் வினை முன்னோக்கிச் செல்கிறது." மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். dehydration என்பதற்குத் தமிழில் போட்ட 'நீரிழப்பு' என்ற சொல்தான் அவரை அப்படி நினைக்க வைத்தது.

ஆல்டிஹைடு, ஆல்கஹால் இரண்டின் பெயரையும் ஒட்டி 1872இல் வேதியியலாளர் வூர்ட்ஸ் வைத்த பெயர் ஆல்டால். சரி, சண்டை அதில் இல்லை.

நீரிழப்பு வயிற்றுப்போக்குக்கு உரிய சொல். உடம்பில் இருந்த நீர் போய்விடுகிறது. ஆல்டாலுக்குள் நீர் எங்கே இருந்தது? அசிட்டால்டிஹைடில் நீர்த்த NaOH சேர்த்தால், OH⁻ அயனி ஆல்ஃபா ஹைட்ரஜனைப் பறித்து ஈனோலேட்டைத் தருகிறது. அது இன்னொரு மூலக்கூறின் கார்பனைல் கார்பனைத் தாக்குகிறது. உண்டாகும் அல்காக்சைடு நீரிடமிருந்து புரோட்டானை வாங்கி CH₃CH(OH)CH₂CHO ஆகிறது. இதுவரை நடந்தது வெறும் சேர்க்கைதான், எல்லாப் படியும் மீளக்கூடியது. அசிட்டோன் என்றால் சமநிலையில் ஆல்டால் மிகச் சிறிய பங்குதான்.

சூடாக்கும்போது OH⁻ மீண்டும் ஆல்ஃபா ஹைட்ரஜனை எடுக்கிறது. அப்புறம் பீட்டா கார்பனில் இருந்த OH அயனியாக வெளியேறுகிறது. கிடைப்பது CH₃CH=CHCHO. ஒரு கார்பனிலிருந்து H, பக்கத்துக் கார்பனிலிருந்து OH: இது நீக்க வினை. நீர்நீக்கம் என்றதும் மாணவருக்கு நீக்க வினை நினைவுக்கு வரும், இரட்டைப் பிணைப்பு நினைவுக்கு வரும். நீரிழப்பு என்றால் வறண்ட நாக்குதான் நினைவுக்கு வரும். 'நீக்கம்' என்றாலும் முன்பே இருந்ததை எடுப்பதுதானே என்று கேட்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனாலும் அது வேதியியல் குடும்பத்துச் சொல். ஹைட்ரஜன் நீக்கம், கார்பாக்சில் நீக்கம் எல்லாம் அதன் உறவுகள். அகராதியில் முதலில் கண்ட பொருளைத் தூக்கிப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள் எந்தத் துறையின் பாடம் என்று ஒரு நொடி பார்க்கக் கூடாதா?

ஆவியாகும் கதையும் தவறு. வினை நடப்பதே நீர்க்கரைசலில். சுற்றிலும் நீர் நிற்கும்போது, உண்டான கொஞ்சம் நீர் போவதால் சமநிலை எப்படி நகரும்? உந்துவது விளைபொருளின் நிலைப்புத்தன்மை. புதிய C=C பக்கத்து C=O உடன் இணைந்து எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்கிறது. அந்தத் தாழ்ந்த ஆற்றல் பக்கமாக ஆல்டால் வடிந்துகொண்டே இருப்பதால், முதல் சமநிலை அதை ஈடுகட்ட முன்னோக்கி நகர்கிறது. விடையில் இதைத்தான் எழுத வேண்டும்.

2-மெத்தில்புரொப்பனாலை எடுத்துப் பாருங்கள். அதன் ஆல்டாலில், CHO-வை ஒட்டிய கார்பனில் இரண்டு மெத்தில் தொகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன, எடுக்க ஒரு ஹைட்ரஜனும் மிச்சமில்லை. காரத்தில் எவ்வளவு காய்ச்சினாலும் இணைந்த இரட்டைப் பிணைப்பு வராது, நீர்நீக்கம் நடக்காது.