போட்டோவுல வராத முதல் வரி

போன வாரம் ஒரு அக்கா வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பினாங்க. பையன் சிபிஎஸ்இ பிளஸ் டூ, அக்கவுண்டன்சி பேப்பர். டியூப் லைட் வெளிச்சத்துல எடுத்தது, ஓரத்துல கட்டைவிரல் நிழல் வேற. "தம்பி, கேஷ் ஃப்ளோ கேள்வியில எட்டுக்கு நாலுதான் போட்டிருக்காங்க, அவன் எழுதினது எல்லாம் கைடுல இருக்குற மாதிரியே இருக்கு, டீச்சர் தப்பா திருத்திட்டாங்களான்னு கொஞ்சம் பாரேன்"னு கேட்டிருந்தாங்க.

பாத்தேன். எட்டு ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், ஆபரேட்டிங்கா இன்வெஸ்டிங்கா ஃபைனான்சிங்கான்னு பிரிக்கணும். சம்பளம் கொடுத்தது, கடன் கொடுத்தது, அந்தக் கடனுக்கு வட்டி வந்தது, டிபென்ச்சருக்கு, அதாவது கம்பெனி வெளியிட்ட கடன் பத்திரத்துக்கு வட்டி கட்டினது, டிவிடெண்ட் கொடுத்தது, ஆபீஸ் கட்டிடம் வாங்கினது, ஷேர் வெளியிட்டது, டிபென்ச்சரை ஷேரா மாத்தினது. பையன் கடன் கொடுத்ததையும் அதுக்கு வந்த வட்டியையும் இன்வெஸ்டிங்னு எழுதியிருக்கான், வட்டி கட்டினதை ஃபைனான்சிங்னு எழுதியிருக்கான். மூணுக்கும் சிவப்பு இங்க்ல பெருக்கல் குறி. எனக்கே முதல்ல டீச்சர் மேலதான் சந்தேகம் வந்துச்சு. அப்புறம்தான் கவனிச்சேன், போட்டோவுல கேள்வி பாதியிலேந்து ஆரம்பிக்குது, மேல ஒரு வரி வெட்டுப்பட்டிருக்கு. "அக்கா, இன்னும் கொஞ்சம் மேலேந்து எடுத்து அனுப்புங்க"ன்னு கேட்டேன். வந்துச்சு. "பின்வருவன ஒரு நிதி நிறுவனத்தின் நடவடிக்கைகள்"னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரே ஒரு வரி. அவ்வளவுதான், மூணு மார்க் போன கதை அதுல இருக்கு.

மூணு பெட்டி எதுக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வேகமா சொல்லிட்டுப் போறேன். ஒரு டீக்கடையை எடுத்துக்குங்க, டீ வித்த காசு, பால் வாங்கின காசு ஆபரேட்டிங், புது பாய்லர் வாங்கினா இன்வெஸ்டிங், பாய்லருக்காக கடன் வாங்கினா ஃபைனான்சிங். கடைக்காரர் கையில காசு எவ்வளவு கூடுச்சு குறைஞ்சுச்சுங்கறதை விட அது எந்த வழியா வந்துச்சுங்கறதுதான் இந்த ஸ்டேட்மென்ட் சொல்ல வர்ற விஷயம்.

இதுல பசங்க தப்பு பண்ற இடம், ஐட்டத்தோட பேரை வச்சு பெட்டியை முடிவு பண்றது. "கடன் கொடுத்தா இன்வெஸ்டிங்"னு ஒரு டேபிளை மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க. ஆனா பெட்டியை முடிவு பண்றது அந்த ஐட்டம் மட்டும் இல்ல, அதைச் செய்யற கம்பெனியோட பொழப்பு என்னங்கறதும் சேர்ந்துதான். சோப்பு செய்யற கம்பெனி இன்னொருத்தருக்குக் கடன் கொடுத்தா அது சும்மா கிடக்குற காசை எங்கயோ போட்டு வைக்கற வேலை, அதனால இன்வெஸ்டிங். அதே கடனை ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்தா? அவங்களுக்கு அதுதாங்க டீ விக்கறது. வட்டி வர்றது வியாபார வருமானம், வட்டி கட்டறது பால் வாங்குற செலவு மாதிரி. அதனால மூணுமே ஆபரேட்டிங். இந்தியாவுல 1997-ல திருத்தின ஏ.எஸ். 3-ங்கற கணக்கியல் ஸ்டாண்டர்டு இதைத் தெளிவாவே சொல்லுது. நிதி நிறுவனம்னா வட்டி கட்டினது, வட்டி வந்தது, டிவிடெண்ட் வந்தது எல்லாம் ஆபரேட்டிங். மத்த கம்பெனிகளுக்கு வட்டி கட்டினது ஃபைனான்சிங், வந்த வட்டியும் டிவிடெண்டும் இன்வெஸ்டிங். ஆனா டிவிடெண்ட் *கொடுக்கறது* மட்டும் ரெண்டு பேருக்குமே ஃபைனான்சிங்தான், ஏன்னா முதலாளிக்குப் போற காசு யார் கடையா இருந்தாலும் முதலாளிக்குப் போற காசுதான். பையன் அதை சரியா எழுதியிருந்தான், ஆனா காரணம் தெரிஞ்சு எழுதினானான்னு தெரியல.

இதே மாதிரி ஷேர் வாங்கி விக்கறதே தொழிலா இருந்தா ஷேர் வாங்கினது ஆபரேட்டிங். வீட்டு மனை போட்டு விக்கறவருக்கு நிலம் வாங்கினது சரக்கு வாங்கின மாதிரி, அதுவும் ஆபரேட்டிங். கைடு புக்ல இதெல்லாம் கடைசி பக்கத்துல பொடி எழுத்துல இருக்கும், டேபிள் மட்டும் முதல் பக்கத்துல கட்டம் போட்டு பெருசா இருக்கும். எனக்கு இதுல ரொம்ப கோவம் வரும், காரணத்தைப் பின்னாடி தள்ளிட்டு விடையை முன்னாடி வச்சா பசங்க விடையைத்தானே படிப்பாங்க.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துக்கு வர்றேன். அதே போட்டோவோட அடியில அடுத்த கேள்வியோட ஒரு பாதி தெரிஞ்சுது, பழைய மிஷின் வித்த லாபம் பத்தி. வித்த லாபத்தை ஏன் ஆபரேட்டிங்ல *கழிக்கறோம்*, லாபம்னா கூட்டத்தானே வேணும்னு கேக்காத மாணவனை நான் பாத்ததில்ல.

ஒரு குட்டி கம்பெனியை எடுத்துக்கலாம், எல்லாம் ரொக்கம், கடனே கிடையாது, இப்போதைக்கு வரியும் வேணாம். வருஷத்துக்கு விற்பனை 3,00,000 ரூபாய், சம்பளம் 1,00,000, டெப்ரிசியேஷன் 20,000. ஒரு லட்சத்துக்கு வாங்கின பழைய மிஷின், 60,000 தேய்மானம் போக புத்தகத்துல 40,000 மதிப்புல நின்னுது, அதை 55,000-க்கு வித்தாங்க. லாபம் 15,000. ஆக மொத்த லாபம் 3,00,000-ல 1,00,000 போச்சு, 20,000 போச்சு, 15,000 சேந்துச்சு, 1,95,000.

இப்ப புத்தகத்தை மூடி வச்சிட்டு கல்லாப் பெட்டியை மட்டும் பாருங்க. உள்ள வந்தது 3,00,000-மும் மிஷின் காசு 55,000-மும், வெளிய போனது 1,00,000. மீதி 2,55,000. ஸ்டேட்மென்ட்டும் இந்த இடத்துல வந்து நிக்கணும்.

1,95,000 லாபத்துல ஆரம்பிக்கறோம். டெப்ரிசியேஷன் 20,000 கையை விட்டுப் போகவே இல்ல, பேப்பர்ல மட்டும்தான் கழிஞ்சது, திரும்பக் கூட்டறோம். மிஷின் லாபம் 15,000 கழிக்கறோம். ஆபரேட்டிங் 2,00,000. இது விற்பனையில சம்பளம் போன மிச்சமேதான் பாருங்க, வியாபாரத்துல வந்த சுத்தமான காசு. அப்புறம் இன்வெஸ்டிங்ல மிஷினுக்கு வந்த முழு 55,000. மொத்தம் 2,55,000, கல்லாவோட ஒத்துப்போச்சு.

15,000-ஐக் கழிக்க மறந்தா? ஆபரேட்டிங் 2,15,000, இன்வெஸ்டிங் 55,000, மொத்தம் 2,70,000. கல்லாவை விட சரியா 15,000 ஜாஸ்தி. ஏன்னா அந்த 55,000-க்குள்ளயே 15,000 ஒளிஞ்சு உக்காந்திருக்கு, லாபத்துலயும் அதே 15,000 இருக்கு, ஒரே காசு ரெண்டு தடவை எண்ணியாச்சு. லாபம் கெட்டதுன்னு கழிக்கல, அது வேற பெட்டியில ஏற்கனவே ஏறிடுச்சுன்னு கழிக்கறோம். பரீட்சையில டேலி ஆகலைன்னா பதறாம வித்தியாசம் எவ்வளவுன்னு பாருங்க, அது மிஷின் லாபத்துக்கு சமமா இருந்தா இதுதான் காரணம், அதுல இரண்டு மடங்கா இருந்தா கழிக்கறதுக்குப் பதிலா கூட்டிட்டீங்க.

ஆனா இங்கதான் ஒரு வில்லங்கம். அந்தக் கம்பெனி இந்த வருஷம் கொஞ்சம் கடன் வச்சிருந்து 30,000 வட்டி கட்டுச்சுன்னு வச்சுக்குங்க. லாபம் 1,65,000 ஆயிடும். முறைப்படி செஞ்சா அந்த 30,000-ஐ லாபத்துல திரும்பக் கூட்டிட்டு ஃபைனான்சிங்ல கழிக்கணும், ஆபரேட்டிங் 2,00,000, ஃபைனான்சிங் மைனஸ் 30,000. கூட்டவும் இல்லாம கழிக்கவும் இல்லாம அப்படியே விட்டா ஆபரேட்டிங் 1,70,000-ன்னு நிக்கும். ரெண்டு வழியிலயும் மொத்தம் அதே 2,25,000! டேலி ஆகும். மிஷின் தப்பை எண்ணிக்கை காட்டிக்கொடுத்துச்சு, பெட்டி மாறின தப்பை எண்ணிக்கை காட்டிக்கொடுக்கவே கொடுக்காது. டேலி ஆனதும் ரெட்டைக் கோடு போட்டு, பேனாவை மூடி, பிள்ளையார் சுழிக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடறோமே, அந்த நிம்மதிக்கு அர்த்தமே கிடையாது.

இது ஏதோ பரீட்சை ஹால் பிரச்சனை மட்டும்னு நினைக்காதீங்க. 2002 ஜூன் மாசம் அமெரிக்காவுல வேர்ல்ட்காம்ங்கற டெலிபோன் கம்பெனி ஒரு அறிவிப்பு விட்டுச்சு, சுமார் 380 கோடி டாலர் செலவை நாங்க தப்பான இடத்துல காட்டிட்டோம்னு. என்ன செலவு? மத்த கம்பெனிகளோட லைனை உபயோகப்படுத்தறதுக்குக் கட்டற வாடகை மாதிரியான காசு, டீக்கடைக்குப் பால் மாதிரி. அதை சொத்து வாங்கின செலவுன்னு எழுதிட்டாங்க. அப்படி எழுதினதும் அது செலவுலேந்து போயிடும், லாபம் ஏறும். கேஷ் ஃப்ளோலயும் ஆபரேட்டிங்லேந்து கிளம்பி இன்வெஸ்டிங்குக்குப் போயிடும். கையை விட்டுப் போன காசு நிஜம், பேங்க் பேலன்ஸும் நிஜம், கடைசி வரி டேலி ஆகும். வெளியேந்து பாக்கறவனுக்கு வியாபாரம் நல்லா காசு கொட்டுது, அதையெல்லாம் கம்பெனி விரிவாக்கத்துல போடுதுன்னு தெரியும். சிந்தியா கூப்பர் தலைமையிலான அவங்க சொந்த இன்டர்னல் ஆடிட் டீம்தான் இதை கண்டுபிடிச்சாங்க, சொத்துக் கணக்குல "ப்ரீபெய்ட் கெப்பாசிட்டி"ன்னு ஒரு பேர், அது என்ன சொத்துன்னு கேட்டா யாராலயும் விளக்க முடியல. அடுத்த மாசமே கம்பெனி திவால் மனு போட்டுச்சு.

"லாபத்தை ஏமாத்தலாம், கேஷ் ஃப்ளோவை ஏமாத்த முடியாது"ன்னு சில பேர் யூடியூப்ல சொல்லிட்டிருப்பாங்க, வேர்ல்ட்காம் கதையைப் படிச்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. மொத்தத்தை ஏமாத்தறதுதான் கஷ்டம், பெட்டியை மாத்தறது ரொம்ப சுலபம். ஒரு நல்ல வாத்தியார் பிளஸ் டூ பசங்களுக்கு ஒரு நிஜ கம்பெனியோட ஆண்டறிக்கையை பிரிண்ட் போட்டுக் கொடுத்து, ஆபரேட்டிங் எண் ஏறி இன்வெஸ்டிங் செலவும் கூடவே ஏறுது பாரு, ஏன்னு கேளுன்னு சொன்னா பத்து மாடல் பேப்பருக்கு சமம். அறிக்கை இலவசமாத்தான் கிடைக்குது, காகிதச் செலவு மட்டும்தான்.

வட்டி விஷயத்துல நாட்டுக்கு நாடு விதியும் மாறும்ங்கறது இன்னொரு கூத்து. அமெரிக்க விதிப்படி சோப்பு கம்பெனி வட்டி கட்டினாலும் அது ஆபரேட்டிங்தான். அதனால நெட்ல பாத்து எழுதற பசங்க எந்த நாட்டு உதாரணம்னு ஒரு தடவை பாத்துக்குங்க.

எட்டாவது ஐட்டம் பாக்கி இருக்கு, டிபென்ச்சரை ஷேரா மாத்தினது. பையன் ஃபைனான்சிங்னு எழுதி மார்க் போயிருக்கு, இதுக்கு நிதி நிறுவனமா இல்லையாங்கறது சம்பந்தமே இல்ல. கடன்காரர் முதலாளி ஆயிட்டார், ஆனா ஒரு பைசா கை மாறல, அதனால எந்தப் பெட்டியிலயும் வராது. அக்காவுக்கு நான் இதைச் சொன்னதும், "அப்ப மூணுல எதையும் எழுதாம சும்மா விட்டிருந்தா மார்க் கொடுத்திருப்பாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லக்கா, ரொக்கம் சம்பந்தப்படலைன்னு ஒரு வரி எழுதணும்னு பதில் போட்டேன். பையன் அதுக்கு கட்டைவிரல் எமோஜி மட்டும் அனுப்பியிருக்கான், அந்த நிழல்ல இருந்த அதே கட்டைவிரலா இருக்கும்.