அண்டி ஆபீஸில் காணாமல் போன பாக்கெட்டுகள்

மார்த்தாண்டம் பக்கம் ஓர் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், புதிதாக பேக்கிங் கன்வேயர் போட்டார்கள். பெல்ட் மேல் போகும் முந்திரிப் பருப்பு பாக்கெட்டுகளை ஒரு போட்டோ சென்சார் எண்ணும். சாயங்காலம் பெட்டிகளைத் திறந்து எண்ணினால், திரையில் காட்டியதைவிடப் பாக்கெட் கூடுதலாக இருந்தது. சென்சாரைத் துடைத்தார்கள், மாற்றினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு, செட்டிங்கில் RPI என்ற கட்டத்தில் இருந்த 200 என்ற எண்ணில்.

சென்சாரின் வயர், சிக்னலை நெட்வொர்க்கில் ஏற்றும் ஓர் ஐ/ஓ அடாப்டருக்குப் போகிறது. அங்கிருந்து, பெல்ட்டை இயக்கும் கம்ப்யூட்டரான பிஎல்சிக்கு ஈதர்நெட் கேபிள். இரண்டும் பேசும் மொழி ஈதர்நெட்/ஐபி. முதலில் பிஎல்சி, டிசிபி 44818 போர்ட்டில் `Forward_Open` என்ற கோரிக்கையை அனுப்பும். எத்தனை பைட், எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை என்பதெல்லாம் அதிலேயே பேசி முடிவாகிவிடும். அதற்கப்புறம் கேள்வியே கிடையாது. இரண்டு பக்கமும் யுடிபி 2222 போர்ட்டில், சொன்ன இடைவெளியில் தகவலை அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த பிட் எதைக் குறிக்கிறது என்று முன்பே தெரியும் என்பதால் விளக்கம் எதுவும் கூட வராது. இதைத்தான் இம்ப்ளிசிட் மெசேஜிங் என்கிறார்கள். அந்த இடைவெளிதான் RPI. வழியில் ஒரு தகவல் பாக்கெட் தொலைந்தால் திரும்ப அனுப்ப மாட்டார்கள். அடுத்தது புது நிலையைக் கொண்டுவரும்.

இங்கே சூட்சுமம், அந்தக் கணத்து நிலை மட்டுமே வருகிறது என்பது. பெல்ட் வேகம் விநாடிக்கு 40 செ.மீ. இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே 6 செ.மீ. அதாவது சென்சார் வெறும் 150 மில்லிசெகண்ட்தான் அணைந்திருக்கும். 200-க்கு ஒருமுறை பார்த்தால் அந்த இடைவெளி சில நேரம் கண்ணில் படாது, இரண்டு பாக்கெட் ஒன்றாகிவிடும்.

சரி, குறைத்தால் போதுமே என்று ஒருவர் 2 வைத்தார். எண்ணிக்கை சரியாயிற்று, ஆனால் அவ்வப்போது கனெக்‌ஷன் அறுந்து பெல்ட் நின்றது. 2 மில்லிசெகண்ட் என்றால் போகவும் வரவும் சேர்த்து விநாடிக்கு 1000 தகவல் பாக்கெட். அதோடு, தகவல் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்ற டைம்அவுட் அங்கே RPI-யின் 4 மடங்கு, அதாவது வெறும் 8 மில்லிசெகண்ட். சுவிட்ச் கொஞ்சம் திணறினாலே கதை முடிந்தது.

கடைசியில் 50 வைத்தோம். ஒரு தகவல் பாக்கெட் தொலைந்தாலும் புது நிலை வந்துசேர 100 ஆகும். இன்புட் ஃபில்டரின் தாமதம் 3, பிஎல்சியின் புரோகிராம் ஸ்கேன் 10 சேர்த்தால் 113. 150-க்குள் அடங்குகிறது. டைம்அவுட் 200. கனெக்‌ஷன் போனாலும் அடாப்டர் மோட்டாரை அணைப்பதற்குள் பெல்ட் 8 செ.மீ.தான் நகரும், அது பரவாயில்லை. பருப்பு உலர்த்தும் போர்மாவின் வெப்பநிலைக்கு 500-ஏ தாராளம், ஏனென்றால் அரை விநாடியில் அங்கே எதுவும் மாறப்போவதில்லை.

சில மில்லிசெகண்டே வரும் பல்ஸ் என்றால் RPI-யோடு மல்லுக்கட்டக் கூடாது. அடாப்டரிலேயே எண்ணும் கவுண்டர் மாட்யூல் போட்டு, கூட்டுத்தொகையை மட்டும் அனுப்பச் சொல்லலாம்.

வைத்த எண் உண்மையில் நடக்கிறதா என்று பார்க்க, சுவிட்சில் ஒரு போர்ட்டை மிரர் செய்து, நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் இதைப் போடுங்கள்:

```
udp.port == 2222
```

ஒரே திசையில் வரும் வரிகளுக்கு நடுவே ஏறக்குறைய 0.050 விநாடி தெரிய வேண்டும். எங்களுக்கு ஓரிடத்தில் 0.100 தெரிந்தது. அந்த போர்ட்டின் ஆர்ஜே-45 முனையில் உப்புக்காற்றின் பச்சைக் களிம்பு.