ஆப்ல தெளிவாக்கின பாட்டி படம் ஏன் பாட்டி மாதிரி இல்ல?

பழைய குரூப் போட்டோல இருந்து ஒருத்தர் முகத்தை மட்டும் எடுத்து பெருசாக்கி ஃபிரேம் போடணும்னு வர்றவங்க இப்பல்லாம் போன்ல ஏதாவது ஒரு ஆப்ல போட்டு தெளிவாக்கின காப்பியையும் சேர்த்தே கொண்டு வர்றாங்க. "படம் சூப்பரா வந்துருக்குண்ணா, ஆனா என்னமோ அவங்க மாதிரி இல்ல, அதை மட்டும் சரி பண்ணிக் குடுங்க"ன்னு கேப்பாங்க. அந்த 'என்னமோ' எங்கிருந்து வருது, அதை நீங்களே எப்படி கண்டுபிடிக்கலாம்னு கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா அந்தப் படம் மாலை போட்டு சுவத்துல ஏறிடுச்சுன்னா அடுத்த தலைமுறைக்கு பாட்டி முகம்னா அதுதான்.

சமீபத்துல வந்த ஒண்ணையே எடுத்துக்கறேன். எழுபதுகள்ல எடுத்த கல்யாண குரூப் போட்டோ, கருப்பு வெள்ளை, எட்டு இன்ச் அகலம், மூணு வரிசையா முப்பது பேருக்கு மேல இருக்காங்க. பாட்டி நடு வரிசை. பிரிண்ட்ல அவங்க முகம் நெத்தில இருந்து தாடை வரைக்கும் ஸ்கேல் வச்சு அளந்தா 6 மில்லிமீட்டர். வீட்ல யாரோ அதை போன்ல படம் எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்ப, பேரன் அதை ஆப்ல போட்டிருக்கார். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா நீளப் பக்கம் 1600 பிக்சல் பக்கத்துல சுருங்கிடும், அப்போ இன்ச்சுக்கு 200 பிக்சல், அந்த 6 மில்லிமீட்டர் முகத்துக்கு கிடைச்சது 47 பிக்சல் உயரம் தான்.

47 பிக்சல்ல என்ன இருக்கும்னு கணக்கு போட்டு பாருங்க. முகத்தோட அகலம் சுமார் 33 பிக்சல், ஒரு கண்ணு முகத்தோட அகலத்துல அஞ்சுல ஒரு பங்குன்னா ஏழு பிக்சல் அகலம் மூணு பிக்சல் உயரம், ஆக ஒரு முழு கண்ணுக்கும் மொத்தமே இருபது பிக்சல் சொச்சம். நிஜத்துல முகத்தோட நீளம் 18 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா 4 மில்லிமீட்டர் மூக்குத்தி இந்தப் படத்துல சரியா ஒரே ஒரு பிக்சல். பாட்டி ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாங்களாம், ஆப் குடுத்த படத்துல ரெண்டுமே இல்ல. அதுக்கு பதிலா இமை முடி தனித்தனியா இருக்கு, கருவிழில ஒளிப்புள்ளி இருக்கு, லேசா திறந்த உதட்டுக்குள்ள வரிசையா சமமா பல்லு இருக்கு. இருபது பிக்சல்ல இமை முடி எங்கிருந்து வந்துச்சு? வரல, அது வரைஞ்சது.

இந்த டூல்களை பழக்குற விதத்தைப் பாத்தா காரணம் புரியும். நல்ல தெளிவான முகப் படங்களை நிறைய எடுத்து, அதை வேணும்னே மங்கலாக்கி, சுருக்கி, நாய்ஸ் சேர்த்து, ஜேபெக்கா அமுக்கி கெடுத்து, இதுல இருந்து பழையபடி நல்ல படத்தை கொண்டுவான்னு கோடிக்கணக்கான தடவை பயிற்சி குடுப்பாங்க. இதுல சிக்கல் என்னன்னா ஒரே மங்கல் படத்துக்குப் பின்னாடி எத்தனையோ வேற வேற முகம் இருந்திருக்கலாம், எல்லாத்தையும் சுருக்கினா அதே 47 பிக்சல் தான் வரும். எது சரின்னு தெரியாத இடத்துல எல்லாத்துக்கும் சராசரி எடுத்துக் குடுத்தா படம் மொழுக்குன்னு மங்கலா தான் வரும். அது பாக்க நல்லா இல்லன்னு, நிஜ போட்டோ மாதிரி இருக்கான்னு மட்டும் சோதிக்கிற இன்னொரு நெட்வொர்க்கையும் பக்கத்துல உக்கார வச்சு பழக்கறாங்க, அதுகிட்ட பாஸ் ஆகணும்னா ஏதோ ஒரு முகத்தை துணிஞ்சு தேர்ந்தெடுத்து இமை முடி வரைக்கும் வரைஞ்சே ஆகணும். ஆளைப் பாக்காத ஓவியர்கிட்ட நாலு அடையாளம் மட்டும் சொல்லி படம் கேட்ட மாதிரி தான், அழகா வரும், ஆனா மீதியெல்லாம் அவர் கைப்பழக்கத்துல வந்தது.

அந்த கைப்பழக்கம் எங்கிருந்து வந்ததுங்கறதும் முக்கியம். பல ஆப்களுக்கு உள்ளுக்குள்ள ஓடுற GFPGAN, CodeFormer ரெண்டுமே FFHQ-ங்கற ஒரே முகத் தொகுப்புல பழகினது. ஃப்ளிக்கர் தளத்துல ஜனங்க போட்ட படங்கள்ல இருந்து என்விடியா சேர்த்த 70,000 முகங்கள் அது. அதுல கண்ணாடி போட்டவங்க, தொப்பி போட்டவங்க நல்லாவே இருக்காங்க, ஆனா ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டு எண்ணெய் வச்சு படிய வாரின அம்பது வருஷம் முந்தின நம்மூர் பாட்டிங்க அதுல எத்தனை பேர் இருந்திருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. தெரியாத இடத்துல தனக்கு அதிகமா பழக்கமான முகத்தை நோக்கி தான் டூல் சாயும்.

படத்துல இருக்கற புள்ளி புள்ளியான நாய்ஸை துடைக்கிற டீநாய்ஸ் இதுல தனியா ஒரு வேலை பண்ணுது. அக்கம்பக்கத்தோட ஒட்டாம தனியா நிக்கிற ஒத்தை வெள்ளைப் புள்ளி அதுக்கு தூசி, இல்லன்னா க்ரெயின். நம்ம கேஸ்ல மூக்குத்தியும் ஒத்தை வெள்ளைப் புள்ளி தான், துடைச்சுட்டு போயிருச்சு. மச்சம், அம்மைத் தழும்பு எல்லாத்துக்கும் இதே கதி தான். இதுக்கு நேர் எதிராவும் நடக்கும், க்ரெயின் ரெண்டு மூணு கொத்தா சேர்ந்து நின்னா அதை சுருக்கம்னு நினைச்சு இழுத்து வரைஞ்சுடும், வாய்ப் பக்கம் ஒரு மடிப்பு விரிசல் போனா அதை உதட்டுக் கோடா மாத்திடும், சிரிக்காத ஆள் சிரிப்பார்.

சரி, எப்படி பாக்கறது. ஃபோட்டோஷாப்போ ஜிம்ப்போ, அடியில ஒரிஜினலை அதே சைஸுக்கு பெருசாக்கி வைங்க, மேல ஆப் குடுத்த படம், ரெண்டும் சரியா பொருந்தற மாதிரி. அப்புறம் மேல் லேயரோட கண் ஐகானை திரும்பத் திரும்ப அமுக்கி ஆஃப் ஆன் பண்ணுங்க. அழகைப் பாக்காதீங்க, எது நகருதுன்னு மட்டும் பாருங்க. கண்ணோட வெளி மூலை, வாய் ஓரம், தாடைக் கோடு, நெத்தில முடி ஆரம்பிக்கிற இடம், இந்த நாலும் ஒருத்தரை அவரா காட்டுற இடங்கள். பாட்டி படத்துல வலது வாய் ஓரம் மேல ஏறிச்சு, தாடை ஒடுங்குச்சு, அந்த 'என்னமோ'ல பாதி இதுலயே தெரிஞ்சுடுச்சு.

அடுத்து, ஆப் படத்தை ஒரிஜினல் அளவுக்கே திரும்ப சுருக்குங்க. முகம் பத்து மடங்கு பெருசாகியிருந்தா, ImageMagick-ல இப்படி:

```
magick result.png -filter Box -resize 10% small.png
```

இந்த சின்னப் படத்தை ஒரிஜினல் பக்கத்துல வச்சுப் பாத்தா வெளிச்சம், நிழல், கண் புருவத்தோட சாய்வு ஒத்துப் போகணும். போகலன்னா டூல் கையில இருந்த தகவலையே மீறிடுச்சு, அந்தப் படத்தை தூக்கிப் போட்டுடலாம். ஆனா ஒத்துப் போச்சுன்னா முகம் சரின்னு அர்த்தம் இல்ல, இந்த இடத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. 2020-ல டியூக் பல்கலைக்கழகத்துல PULSE-னு ஒண்ணு வெளியிட்டாங்க, அதோட வேலையே சுருக்கினா ஒத்துப் போற முகமா தேடிக் கண்டுபிடிக்கிறது தான். அதுல ஒபாமாவோட கட்டம் கட்டமான படத்தை குடுத்தப்போ வந்தது ஒரு வெள்ளைக்காரர் முகம். சுருக்கிப் பாத்தா ஒபாமா, பெருசா பாத்தா யாரோ.

அதனால மூணாவதா ஒண்ணு பண்ணுவேன், எனக்கு ரொம்ப உபயோகமா இருக்கறது இதுதான். ஒரே படத்தை செட்டிங் மாத்தி ரெண்டு தடவை ஓட்டறது. CodeFormer-ல `w`-ன்னு ஒரு அளவு இருக்கு, 0 பக்கம் போனா பளபளப்பு கூடும், 1 பக்கம் போனா குடுத்த படத்துக்கு நெருக்கமா நிக்கப் பாக்கும்:

```
python inference_codeformer.py -w 0.3 --input_path paatti.png -o out_03
python inference_codeformer.py -w 1.0 --input_path paatti.png -o out_10
```

படத்தை இடம் வலமா திருப்பியும் ஒரு தடவை ஓட்டிட்டு, வந்ததை மறுபடி திருப்பிப் போட்டு ஒப்பிடலாம். ஒவ்வொரு தடவையும் மாறுற இடம் எதுவோ அதெல்லாம் டூல் தானா போட்டது. பாட்டிக்கு பல்லு ஒரு தடவை தெரிஞ்சுச்சு, இன்னொரு தடவை வாய் மூடியிருந்துச்சு, அதுக்கு மேல என்ன சாட்சி வேணும். ஆனா மாறாத இடம் நிஜம்னு முடிவு பண்ணிடாதீங்க, ஒரே டூலை ரெண்டு தடவை ஓட்டினாலும் சரி, ஒரே முகத் தொகுப்புல பழகின ரெண்டு டூலை ஓட்டினாலும் சரி, ஒரே பொய்யை சேர்ந்தே சொல்லும், மூக்குத்தி ரெண்டுலயும் காணோம்.

கண்ணுல இருக்கற ஒளிப்புள்ளியையும் கவனிங்க, மூக்கு நிழல் இடது பக்கம் விழுதுன்னா வெளிச்சம் வலது பக்கத்துல இருந்து வருது, ஒளிப்புள்ளி அதுக்கு எதிர்ப் பக்கம் இருந்தா அது ஒட்ட வச்சது. முகம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்து கழுத்தும் காதும் க்ரெயினோட இருந்தாலும் அதேதான், முகத்தை சதுரமா வெட்டி எடுத்து 512-க்கு 512 அளவுல புதுசா பண்ணி திரும்ப ஒட்டற வேலை அது.

பாட்டி படத்துக்கு கடைசியா என்ன பண்ணோம்னா, அந்த பிரிண்டையே வாங்கிட்டு வரச் சொல்லி ஃபிளாட்பெட் ஸ்கேனர்ல 600 டிபிஐ-ல டிஃப்ஃபா எடுத்தோம், எந்த ஷார்ப்பனும் தூசி நீக்குற ஆப்ஷனும் இல்லாம. முகம் 142 பிக்சலுக்கு வந்துச்சு, மூக்குத்தி மூணு பிக்சல், ரெண்டு பக்கமும் தெரிஞ்சுச்சு, எந்த ஏஐயும் இல்லாமயே. விரிசலையும் பூஞ்சைக் கறையையும் கையால க்ளோன் பண்ணி எடுத்தேன், முகத்துல எதையும் புதுசா போடல. அவங்க கேட்ட ஏ3 சைஸுக்கு அது தாங்காது, அஞ்சுக்கு ஏழு இன்ச் போட்டா சாஃப்டா இருக்கும் ஆனா அவங்களா இருக்கும்னு சொன்னேன். அவங்க பெரிய மகள் வந்து பாத்துட்டு தான் பிரிண்டுக்கு விட்டது, வீட்ல நேர்ல பாத்தவங்க உயிரோட இருக்கறப்பவே காட்டி கேட்டுக்கிறது எந்த டெஸ்ட்டை விடவும் பெருசு.

சிசிடிவி படத்தை கொண்டு வந்து திருடன் முகத்தை தெளிவாக்கிக் குடுங்கன்னு கேக்கறவங்களுக்கு மட்டும் நான் ஃபேஸ் ரீஸ்டோர் ஓட்டவே மாட்டேன். வர்ற முகம் யாரோ ஒருத்தருக்கு ஒத்துப் போகும், அந்த ஆள் மாட்டிக்குவார். 2024-ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு கொலை வழக்குல ஏஐ-ல தெளிவாக்கின வீடியோவை சாட்சியா எடுக்க முடியாதுன்னு நீதிபதி தள்ளிட்டார். அதுக்கு பதிலா டிவிஆர்ல இருந்து ஸ்க்ரீன்ஷாட் இல்லாம ஒரிஜினல் ஃபைலையே எடுத்துட்டு வாங்க. நிக்கிற வண்டியோட நம்பர் பிளேட் மாதிரி அசையாத விஷயமா இருந்தா 16 ஃபிரேமை ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சராசரி எடுத்தா நாய்ஸ் கால்வாசியா குறையும், அதுல தெரியற எழுத்து கேமரா நிஜமாவே பாத்தது. அதுலயும் தெரியலன்னா தெரியலன்னு தான் எழுதிக் குடுப்பேன்.