அர்மகெதோன்: வேதத்தில் ஒரே ஒரு வசனம், அந்த வசனத்தில் சண்டையே இல்லை

போன வருஷம் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் சபை அம்மா ஒருவர் வீட்டுக்கு வந்தார். கானாடுகாத்தான் பக்கம் பலகாரம் போட்டுக் கொடுக்கிறவர். தேன்குழலும் சீப்புச்சீடையும் டின் டின்னாகச் சென்னைக்குப் போகும். வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, இந்தத் தடவை ஆர்டர் எடுக்கட்டுமா, வேணாமா?"

எனக்குப் புரியவில்லை. போனை எடுத்து ஒரு ஆடியோவைப் போட்டுக் காட்டினார். ஐபிராத்து நதி வற்றிவிட்டது, ராஜாக்கள் கூடிவிட்டார்கள், அர்மகெதோன் யுத்தம் வாசலில் நிற்கிறது, அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளை உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார். இந்த அம்மாவின் மகன் குவைத்தில் இருக்கிறான், போனதற்கு வாங்கிய கடனே இன்னும் அடைபடவில்லை. முந்தின ராத்திரிதான் அவனிடம் "வேலையை விட்டுட்டு வந்துருப்பா" என்று அழுதிருக்கிறார்.

மேற்காசியாவில் குண்டு விழும் ஒவ்வொரு முறையும் இப்படி யாராவது என்னிடம் வருவது வழக்கம். நான் செய்வதும் ஒன்றுதான். வெளிப்படுத்தின விசேஷம் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து, 12-ஆம் வசனத்திலிருந்து சத்தமாக வாசிக்கச் சொல்வேன். அர்மகெதோன் என்ற பெயர் முழு வேதாகமத்திலும் ஒரே இடத்தில்தான் வருகிறது, அதே அதிகாரம் 16-ஆம் வசனத்தில். அந்த அம்மாவும் வாசித்தார். ஆறாம் தூதன் தன் கலசத்தை ஐபிராத்து நதியில் ஊற்றுகிறான், தண்ணீர் வற்றுகிறது, கிழக்கத்தி ராஜாக்களுக்கு வழி உண்டாகிறது. வலுசர்ப்பம், மிருகம், கள்ளத்தீர்க்கதரிசி ஆகிய மூவரின் வாயிலிருந்தும் தவளைபோல மூன்று அசுத்த ஆவிகள் புறப்பட்டு, உலகத்து ராஜாக்களை யுத்தத்துக்குத் திரட்டப் போகின்றன. பிறகு, எபிரெயுவில் அர்மகெதோன் எனப்படும் இடத்தில் அவர்களைக் கூட்டிச் சேர்ப்பது நடக்கிறது. அடுத்த வசனத்திலேயே ஏழாம் கலசம், "ஆயிற்று" என்ற குரல், தொடர்ந்து பூமியதிர்ச்சி, கல்மழை.

"சண்டை எங்கம்மா?" என்றேன். அவர் விரலை வைத்து மேலும் கீழும் தேடினார். இல்லை. யார் யாரை வெட்டினார்கள், எத்தனை பேர் செத்தார்கள், எந்த தேசம் ஜெயித்தது, ஒன்றும் இல்லை. கூட்டம் சேர்வதோடு வசனம் முடிந்துவிடுகிறது.

யார் கூட்டிச் சேர்த்தது என்பதில் நம் தமிழ் வாசகர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் "சேர்த்தான்" என்று இருக்கிறது. "தேவனே சேர்த்தாரா, சாத்தான் சேர்த்தானா?" என்று இதைப் பிடித்துக்கொண்டு பலர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். கிரேக்கத்தில் அந்த வினை ஒருமையில் இருப்பது உண்மைதான். ஆனால் அந்த மொழியில் அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினை வருவது சாதாரணம். நாமும் பேச்சில் "மாடுங்க வந்துச்சு" என்றுதானே சொல்கிறோம், "வந்தன" என்றா சொல்கிறோம்? "ஆவி" என்பதற்கான கிரேக்கச் சொல் அஃறிணை. இரண்டு வசனம் மேலே ராஜாக்களைத் திரட்டப் புறப்பட்டவையும் அந்த மூன்று தவளை ஆவிகள்தான், வினைச்சொல்லும் அதுவேதான். ஆகவே "சேர்த்தன" என்று படிப்பதே பொருந்தும் என்பது என் முடிவு. இப்படிப் படித்தால் ஒன்று தெளிவாகிறது: ராஜாக்களைப் படை திரட்ட வைப்பது பொய்யின் வாயிலிருந்து வரும் பேச்சு. அதற்கு மயங்கிப் போகிறவர்களை அந்த நூல் எங்கும் மெச்சவில்லை.

பெயருக்கு வருவோம். அர்மகெதோன் என்பதை ஹர், மெகிதோ என்று பிரித்துப் படிப்பதே வழக்கம். எபிரெயுவில் ஹர் என்றால் மலை. மெகிதோ என்பது வட இஸ்ரவேலில் சமவெளி ஓரமாக இருந்த பழைய ஊர். அங்கே மலை கிடையாது. ஊர்மேல் ஊராக இருபதுக்கும் மேற்பட்ட குடியிருப்பு அடுக்குகள் மண்மூடி உயர்ந்த மேடுதான் இருக்கிறது. பழைய ஏற்பாட்டில் மெகிதோ என்றாலே போர் நினைவுதான். அதன் தண்ணீரண்டை சிசெராவின் படை முறிந்தது, கி.மு. 609-இல் யோசியா ராஜா எகிப்திய மன்னனால் மாண்டதும் அங்கேதான். ஆனால் அந்த நூல்கள் சொல்வது மெகிதோவின் தண்ணீரும் சமவெளியும், மலை அல்ல. இதனால் ஏசாயா 14-இல் வரும் "கூடும் மலை" என்ற எபிரெயுத் தொடரே இப்படித் திரிந்திருக்கலாம் என்று சில அறிஞர்கள் நினைக்கிறார்கள். எனக்கு மெகிதோ என்பதே ஏற்புடையதாகப் படுகிறது. எப்படியானாலும், நிலப்படத்தில் குறி வைத்து "இங்கேதான்" என்று சொல்லும் அளவுக்கு அந்த ஒற்றைச் சொல் இடம் கொடுக்கவில்லை.

நதி வற்றியதைப் பற்றியும் அந்த அம்மா விடவில்லை. வீடியோவில் கண்ணால் பார்த்தாராம். ஐபிராத்தில் தண்ணீர் குறைந்திருப்பது நிஜம்தான், துருக்கியிலும் சிரியாவிலும் கட்டிய பெரிய அணைகளும் மழைக்குறைவும் அதற்குக் காரணம். 1990 ஜனவரியில் அத்தாதுர்க் அணையை நிரப்ப துருக்கி ஏறத்தாழ ஒரு மாதம் நதியையே மறித்துவைத்தது. அதற்குப் பிறகு எத்தனை தீபாவளி பலகாரம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் முகம் தெளிந்தது.

"அப்ப சண்டை வேற எங்கயாவது இருக்காய்யா?" என்றார். 19-ஆம் அதிகாரத்துக்குப் போனோம். வெள்ளைக் குதிரையில் வருகிறவருக்கு எதிராகப் படைகள் கூடுகின்றன, அவருடைய வாயிலிருந்து புறப்படும் பட்டயத்தால் விழுகின்றன. பட்டயம் கையில் இல்லை, வாயில் இருக்கிறது. அது வார்த்தை. அங்கே அர்மகெதோன் என்ற பெயர் இல்லை. 20-இல் கோகு மாகோகு படை கூடுகிறது, வானத்து அக்கினி பட்சிக்கிறது. மூன்று இடத்திலும் இந்த நூலை எழுதிய யோவான் படை கூடுவதைச் சொல்கிறார், விசுவாசியின் கையில் ஓர் ஆயுதத்தையும் கொடுக்கவில்லை.

இதற்குள் அவருடைய கணவரும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பூட்டிக் கிடக்கும் ஒரு பெரிய வீட்டுக்கு இரவுக் காவலாளி அவர். அவருக்காக, நான் விட்டுவிட்டுப் போயிருந்த 15-ஆம் வசனத்துக்குத் திரும்பினேன். ஆவிகள் புறப்படும் 14-க்கும், கூட்டம் சேரும் 16-க்கும் நடுவே, பேச்சை முறித்துக்கொண்டு வேறொரு குரல் வருகிறது: இதோ, திருடனைப்போல் வருகிறேன், விழித்திருந்து தன் வஸ்திரங்களைக் காத்துக்கொள்ளுகிறவன் பாக்கியவான். அந்த ஒற்றை வசனத்தை அடுத்து நின்று, வாசிக்கிறவனைப் பார்த்துச் சொல்லப்படுவது இதுதான். நாள் கணக்குப் போடு, மகனைக் கூப்பிடு, வேலையை நிறுத்து என்று எதுவும் இல்லை. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. ஆலயத்தில் இரவுக் காவலைச் சோதிக்க அதிகாரி ஒருவர் தீவட்டியோடு வருவார். தூங்கிப்போன காவலனைத் தடியால் அடிப்பார், அவன் உடுப்புக்குத் தீ வைக்கவும் அவருக்கு அனுமதி உண்டு. யோவானின் மனத்தில் இந்த வழக்கம் இருந்திருக்கலாம் என்று உரைகாரர்கள் சொல்வதுண்டு.

அதைக் கேட்டுவிட்டு அந்த மனிதர் சொன்னார்: "திருடன் இந்த நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டு வந்தா, காவலுக்கு ஆள் எதுக்குய்யா? அன்னைக்கு மட்டும் முழிச்சிருந்தாப் போதுமே."

அந்த அம்மா மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, ஆர்டருக்கு அரிசி எவ்வளவு ஊறப்போட வேண்டும் என்று கணவரோடு கணக்குப் போட்டுக்கொண்டே படியிறங்கினார்.